யாருக்கு மிக அதிக சுமையோ அவருடையதைக் குறை: ஒரு பணிமனையின் இரவு வேலைக் கணக்கு

பஸ் பணிமனையில் இரவு 10 மணிக்குப் பராமரிப்புப் பணி தொடங்குகிறது. அதிகாலை 4.30 மணிக்குள் எல்லா வேலையும் முடிந்து பஸ்கள் வெளியேறத் தயாராக நிற்க வேண்டும். இடையில் இருப்பது 390 நிமிடங்கள். மூன்று குழுக்கள் வேலை செய்கின்றன: பிரேக் குழு, பொதுக் குழு, மின் குழு. மேற்பார்வையாளர் கையில் அன்றைய பட்டியல் இருக்கிறது. பிரேக் சரிசெய்ய வேண்டியவை 24 பஸ்கள், கிரீஸ் அடிக்க வேண்டியவை 10, விளக்கு, ஒயரிங் போன்ற மின் கோளாறுகளைப் பார்க்க வேண்டியவை 12. எந்த வேலையை எந்தக் குழுவிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பணிமனை நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, எண்களும் நான் வைத்தவை. கையால் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காகச் சிறியவையாக வைத்தேன்.

ஒரே வேலைக்கு எல்லாக் குழுவும் ஒரே நேரம் எடுப்பதில்லை. பிரேக் வேலையைப் பிரேக் குழு ஒரு பஸ்ஸுக்கு 20 நிமிடத்தில் முடிக்கும், பொதுக் குழுவுக்கு 30 நிமிடம் ஆகும், மின் குழுவுக்கு அது தெரியாது. கிரீஸ் வேலை பொதுக் குழுவுக்கு 24 நிமிடம். மின் குழுவினரும் கிரீஸ் கன்னைப் பிடிப்பார்கள், ஆனால் பழக்கமில்லாததால் 48 நிமிடம் எடுப்பார்கள். மின் வேலை மின் குழுவுக்கு மட்டுமே தெரியும், பஸ்ஸுக்கு 20 நிமிடம்.

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு வேலையையும் அதைச் சீக்கிரம் முடிக்கக்கூடிய குழுவிடம் கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் பிரேக் குழுவுக்கு 24 × 20 = 480 நிமிடம், பொதுக் குழுவுக்கு 240, மின் குழுவுக்கு 240. மொத்த உழைப்பு 960 நிமிடம், இதைவிடக் குறைக்கவே முடியாது. ஆனால் பிரேக் குழு காலை 6 மணிக்குத்தான் கை கழுவும். மற்ற இரண்டு குழுக்களும் 2 மணிக்கே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மொத்தத்தைக் குறைப்பது வேறு, கடைசியாக முடிப்பவரின் நேரத்தைக் குறைப்பது வேறு. பணிமனைக்கு வேண்டியது இரண்டாவது.

அடுத்த வழி, பஸ்களை எண்ணிக்கையில் சமமாகப் பிரிப்பது. தகராறு வராது என்பதால் பலருக்கும் பிடித்த வழி இது. மொத்தம் 46 வேலைகள், எனவே 16, 15, 15. பிரேக் குழு 16 பிரேக் பஸ்களைப் பார்க்கிறது: 320 நிமிடம். பொதுக் குழுவுக்கு மீதி 8 பிரேக், 7 கிரீஸ்: 408 நிமிடம். மின் குழுவுக்கு 12 மின் வேலை, 3 கிரீஸ்: 384 நிமிடம். முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் பொதுக் குழு 4.48க்குத்தான் முடிக்கிறது, 18 நிமிடம் தாமதம். எண்ணிக்கை சமம் என்பதால் சுமை சமம் ஆகிவிடவில்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: மூன்று குழுக்களின் சுமைகளில் எது மிகப் பெரியதோ, அதை எவ்வளவு சிறிதாக்க முடியும்?

நிபந்தனைகளுக்குள் நின்று ஓர் அளவை முடிந்தவரை குறைக்கும் அல்லது கூட்டும் கணித முறைக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். இதை அப்படி எழுதப் போனால் உடனே ஒரு தடை. நேரியல் திட்டமிடலில் குறிக்கோள் சார்பு நேர்கோடாக இருக்க வேண்டும், அதாவது எண்களால் பெருக்கிக் கூட்டுவது மட்டுமே அனுமதி. 'இவற்றில் பெரியது' என்பது கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. அது எங்கே உடைகிறது என்று பார்க்க, கிரீஸ் வேலையை ஓரிடத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் பிரேக் வேலையை மட்டும் நகர்த்துவோம். பொதுக் குழு ஏழரை பஸ்ஸுக்குக் கிரீஸ் அடிக்கிறது, அதாவது 180 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் குழுவுக்கு p பஸ்களைக் கொடுத்தால் அதன் சுமை 20p, பொதுக் குழுவின் சுமை 900 − 30p. p சிறிதாக இருக்கும்போது பொதுக் குழுதான் பெரிய சுமைக்காரர், p ஒன்று கூடினால் பெரிய சுமை 30 குறைகிறது. p = 18 ஆனதும் இரண்டும் 360இல் சந்திக்கின்றன. அதற்குப் பிறகு பிரேக் குழு பெரிய சுமைக்காரர் ஆகிவிடுகிறது, p ஒன்று கூடினால் பெரிய சுமை 20 ஏறுகிறது. இறங்கி வந்த கோடு 18இல் முழங்கை போல மடங்கி ஏறத் தொடங்குகிறது. நாம் தேடும் விடை அந்த மடிப்பிலேயே இருக்கிறது. நேர்கோட்டு முறைக்கோ மடிப்பு ஆகாது.

தீர்வு ஒரே ஒரு புதிய மாறியில் இருக்கிறது. உயரம் வேறுபட்ட மூன்று பேர் நிற்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் ஒரு பலகையைக் கிடையாகப் பிடித்திருக்கிறோம். பலகை யார் தலைக்கும் கீழே போகக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இப்போது பலகையை முடிந்தவரை கீழே அழுத்துங்கள். மிக உயரமானவரின் தலையில் தட்டும்போது அது நிற்கும். மூவரில் உயரமானவர் யார் என்று நாம் கேட்கவே இல்லை, ஆனால் பலகை சரியாக அவருடைய உயரத்தைக் காட்டுகிறது. அந்தப் பலகையின் உயரத்தை T என்று அழைப்போம். ஒவ்வொரு குழுவின் சுமையும் T-ஐத் தாண்டக்கூடாது, T-ஐக் குறை. ஒவ்வொரு நிபந்தனையும் நேர்கோடு, குறிக்கோளும் நேர்கோடு. மடிப்பு மறைந்துவிட்டது.

கணினிக்குக் கொடுக்கும் கோப்பாக எழுதினால் இவ்வளவுதான். p பிரேக், g கிரீஸ், m மின் வேலை. பின்னால் வரும் எண் குழுவைக் குறிக்கிறது: 1 பிரேக் குழு, 2 பொதுக் குழு, 3 மின் குழு.

```
Minimize
 obj: T
Subject To
 c1: 20 p1 - T <= 0
 c2: 30 p2 + 24 g2 - T <= 0
 c3: 48 g3 + 20 m3 - T <= 0
 brk: p1 + p2 = 24
 grs: g2 + g3 = 10
 min3: m3 = 12
End
```

இதை `depot.lp` என்று சேமித்து, இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் glpsol என்ற நிரலை `glpsol --lp depot.lp -o out.txt` என்று ஓட்டினால் விடை கண நேரத்தில் வரும். பிரேக் குழுவுக்கு 18 பிரேக். பொதுக் குழுவுக்கு 6 பிரேக், 7.5 கிரீஸ். மின் குழுவுக்கு 12 மின் வேலை, 2.5 கிரீஸ். மூன்று சுமைகளும் 360. மொத்த உழைப்பு 960இலிருந்து 1080 நிமிடமாக ஏறியிருக்கிறது, ஏனென்றால் சில வேலைகளை மெதுவான கைகளுக்கு மாற்றினோம். அந்த 120 நிமிடக் கூடுதல் உழைப்பைச் செலவழித்துத்தான் 6 மணியை 4 மணியாக்கினோம்.

பலகை உத்தியில் இரண்டு இடங்களில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, `<=` குறிக்குப் பதிலாக `=` போட்டுவிடுவது. சுமை சமமாக வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொரு குழுவின் சுமையும் T-க்குச் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். மேலே உள்ள கணக்கில் அது தற்செயலாகத் தப்பிவிடும். ஆனால் மின் குழுவினருக்குக் கிரீஸ் வேலை தெரியாது என்று வைத்துப் பாருங்கள். அவர்களுடைய சுமை 12 × 20 = 240 என்று நின்றுவிடும். மற்ற இரு குழுக்களும் தங்கள் வேலையை எப்படிப் பிரித்தாலும் அவற்றில் ஒன்றாவது 384-க்குக் கீழே இறங்க முடியாது. சமக்குறி போட்டிருந்தால் கணினி 'விடையே இல்லை' என்று கைவிரிக்கும். `<=` போட்டிருந்தால் 384, 384, 240 என்று தரும், அன்றைக்கு முடிந்த மிகச் சிறந்த விடை அதுதான். சுமைகள் சமமாக வருவது சில நாள்களில் விளைவாக நேரலாம், அதை நிபந்தனையாக வைக்கக்கூடாது.

இன்னொன்று, இந்த உத்தி ஒரு திசையில் மட்டும்தான் வேலை செய்யும். T கீழே அழுத்தப்படுகிறது, சுமைகள் அதைக் கீழிருந்து தாங்குகின்றன. இந்த இழுபறியால்தான் T மிகப் பெரிய சுமையில் போய் நிற்கிறது. தலைகீழாக, மிகச் சிறிய சுமையைப் பெரிதாக்க வேண்டுமென்றால் எல்லாச் சுமைகளும் T-க்குக் குறையக்கூடாது என்று எழுதி T-ஐ உயர்த்தலாம், அதுவும் சரியே. ஆனால் மிகப் பெரியதை மேலும் பெரிதாக்குவது, மிகச் சிறியதை மேலும் சிறிதாக்குவது ஆகிய இரண்டுக்கும் இந்த வழி உதவாது. அங்கே T-ஐத் தடுத்து நிறுத்த எதுவும் இருக்காது, ஓடிக்கொண்டே போய்விடும்.

தலைகீழ் வடிவம் என்று சொன்னது வெறும் பயிற்சிக் கணக்கு இல்லை. நேரியல் திட்டமிடலின் பிறப்பிலேயே அது இருக்கிறது. லெனின்கிராடைச் சேர்ந்த கணித அறிஞர் லியோனித் காந்தரோவிச்சிடம் ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த சிக்கலில் 8 இயந்திரங்களும் 5 வகை மரங்களும் இருந்தன. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரித்தது. குறிப்பிட்ட விகிதத்தில் எல்லா வகையும் கிடைக்க வேண்டும், எனவே எந்த வகை மிகக் குறைவாக வருகிறதோ அதை உயர்த்த வேண்டும். நம் பணிமனையின் கண்ணாடிப் பிம்பம் அது. 1939இல் அவர் அதை வெளியிட்டார். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்சிக் கொண்டுவந்தது 1947இல். காந்தரோவிச்சுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு 1975இல் கிடைத்தது.

காந்தரோவிச் தம் தீர்வில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை எண்ணைக் கண்டுபிடித்தார். இந்தக் கணக்கின் உண்மையான செல்வம் அந்த எடைகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காக மட்டும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

`out.txt` கோப்பில் `Marginal` என்ற தலைப்பின் கீழ் எண்களின் நெடுவரிசை ஒன்று வரும். c1, c2, c3 வரிகளுக்கு எதிரே −0.5, −0.333333, −0.166667 என்று இருக்கும். குறியை விட்டுவிடுங்கள். பிரேக் குழுவுக்கு எடை 1/2, பொதுக் குழுவுக்கு 1/3, மின் குழுவுக்கு 1/6. கூட்டினால் 1. இந்த எடைகளைக் கையில் வைத்துக்கொண்டு, 360க்குக் கீழே யாராலும் இறங்க முடியாது என்பதை ஒரு தாளில் நிரூபித்துவிடலாம்.

ஒரு பிரேக் பஸ்ஸைப் பிரேக் குழு பார்த்தால் 20 நிமிடம், எடையோடு பெருக்கினால் 10. அதையே பொதுக் குழு பார்த்தால் 30 நிமிடம், மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் அதுவும் 10. யார் பார்த்தாலும் 10. கிரீஸும் அப்படித்தான்: பொதுக் குழுவிடம் 24இல் மூன்றில் ஒன்று 8, மின் குழுவிடம் 48இல் ஆறில் ஒன்று 8. மின் வேலைக்கு 20இல் ஆறில் ஒன்று, அதாவது 10/3. ஆகவே வேலையை எப்படி மாற்றி மாற்றிப் பிரித்தாலும், எடையிட்ட சராசரிச் சுமை 24 × 10 + 10 × 8 + 12 × 10/3 = 240 + 80 + 40 = 360 என்றே வரும். சராசரி 360 என்றால் மூவரில் ஒருவராவது 360 அல்லது அதற்கு மேல் சுமந்தே ஆக வேண்டும். நிரூபணம் முடிந்தது. 'இன்னும் கொஞ்சம் யோசித்தால் நேரம் குறையுமே' என்று மேலதிகாரி கேட்டால், கணினியைக் காட்டத் தேவையில்லை, இந்த நான்கு வரிகளைக் காட்டலாம்.

எடைகள் நிரூபணத்தோடு நிற்பதில்லை. பிரேக் குழு அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால் முடியும் நேரம் 15 நிமிடம் தள்ளிப்போகும், மீதியை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். பொதுக் குழு அதே அளவு தாமதித்தால் 10 நிமிடம், மின் குழு தாமதித்தால் 5. ஆள் குறைவான இரவில் யாரை எங்கிருந்து எடுப்பது என்ற முடிவுக்கு இந்த மூன்று எண்கள் நேரடியாக உதவும். வேலைகளுக்கும் விலை தெரிந்துவிட்டது. கடைசி நேரத்தில் இன்னொரு பிரேக் பஸ் வந்து நின்றால் 10 நிமிடம், கிரீஸ் பஸ் என்றால் 8 நிமிடம், மின் கோளாறு என்றால் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.

விடையில் ஏழரை பஸ், இரண்டரை பஸ் என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பஸ்ஸுக்குப் பாதிக் கிரீஸை ஒரு குழுவும் மீதியை இன்னொரு குழுவும் அடிக்க முடியும்தான், ஆனால் எந்த நிப்பிள் விட்டுப்போயிற்று என்று பிறகு யாருக்கும் தெரியாது. முழு பஸ்களாகவே கொடுக்க வேண்டும் என்றால் மின் குழுவுக்கு 2 கிரீஸ், பொதுக் குழுவுக்கு 8. சுமைகள் 360, 372, 336. பொதுக் குழு 4.12க்கு முடிக்கிறது, கெடுவுக்குள் வந்துவிட்டது. மின் குழுவுக்கு 3 கிரீஸ் கொடுத்தால் அவர்களுடைய சுமை 384 ஆகிவிடும், எனவே 372 தான் முழு எண்களில் சிறந்தது. 360 என்ற அடிமட்டம் தெரிந்திருப்பதால், முழு எண்ணாக்கியதில் இழந்தது 12 நிமிடத்துக்கு மேல் இல்லை என்பதும் தெரிகிறது.

பெரிய பணிமனையில் இப்படி நூறு வேலைகள் துண்டாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பஸ் வேலையையும் தனித்தனியாக எழுதினால் நம் கணக்கில் 46 வேலை வரிகள், 3 குழு வரிகள், மொத்தம் 49. சிம்ப்ளெக்ஸ் தரும் மூலைத் தீர்வில் சுழியம் அல்லாத மாறிகள் வரிகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. அதில் ஒன்று T. மிச்சம் 48 மாறிகள், 46 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாறியாவது வேண்டும், எனவே கூடுதலாக இருப்பவை இரண்டே. துண்டாகக்கூடிய வேலைகள் அதிகபட்சம் 2. வேலைகள் ஆயிரமானாலும் துண்டாகுபவை குழுக்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு, அதற்கு மேல் போகாது.

இந்த மாதிரிக்குக் கண் தெரியாத ஓர் இடம் உண்டு. ஒரே பஸ்ஸுக்குப் பிரேக்கும் மின் வேலையும் இருந்தால், அடியில் பிட்டுக்குள் ஒருவரும் உள்ளே ஒயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இன்னொருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாமல் போகலாம். கடைசி நடை முடித்து நள்ளிரவுக்குப் பிறகு வரும் பஸ்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் T சொல்கிறது, எது முதலில் எது பிறகு என்பதைச் சொல்வதில்லை. கணக்கில் 372 என்று இருந்தும் குழு 400க்கு முடித்தால், இடையில் அவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நிமிடங்களை எழுதி வாருங்கள். வித்தியாசம் அந்தக் காத்திருப்புக்குச் சமமாக வந்தால் சுமைப் பங்கீடு சரி, வரிசைதான் தவறு. காத்திருப்பே இல்லாமல் 400 ஆனால், பஸ்ஸுக்கு 20, 30 என்று போட்ட நிமிடங்களே தவறு.

இனி மழை இரவுக்கு வருகிறேன், இந்த முறையை அரைகுறையாகப் பயன்படுத்துகிறவர்கள் அடிபடும் இடம் அது. நீர் இறங்கி விளக்கும் வைப்பரும் பழுதாகி, மின் வேலை 12 பஸ்ஸிலிருந்து 24 ஆகிவிட்டது. ஒரு மின் வேலைக்கு 10/3 நிமிடம்தானே என்று பெருக்கி, 40 நிமிடம் கூடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்த விலை, மின் குழு தன் கையிலுள்ள கிரீஸ் வேலையைப் பொதுக் குழுவிடம் தள்ளிவிட முடிகிறவரைதான். மின் வேலை 19.2 பஸ்ஸைத் தொடும்போது T 384 ஆகிறது, தள்ளுவதற்குக் கிரீஸ் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மின் வேலைக்கும் முழு 20 நிமிடம். 24 பஸ்ஸுக்கு T = 480, காலை 6 மணி.

இப்போது எடைகளைப் பார்த்தால் மின் குழுவுக்கு 1, மற்ற இருவருக்கும் 0. பலகை ஒரே ஒருவர் தலையில் நிற்கிறது. மற்ற இருவரும் அதற்குக் கீழே எந்த உயரத்தில் இருந்தாலும் பலகைக்கு அக்கறை இல்லை. ஆகவே பிரேக் குழுவுக்கு 24 பஸ்ஸையும் கொடுத்து 480 நிமிடம், பொதுக் குழுவுக்கு 240 நிமிடம் என்று கணினி தந்தாலும் அது 'மிகச் சிறந்த' விடைகளில் ஒன்றுதான். கணிதப்படி தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் பிரேக் குழுவுக்கு அது அநியாயம்.

இதற்கு மருந்து, கணக்கை அடுக்கடுக்காகப் போடுவது. முதல் ஓட்டத்தில் எடை பெற்ற குழு இனி மாறாது என்று அதன் சுமையை 480இல் பூட்டிவிட்டு, மீதியுள்ள இரு குழுக்களுக்கு மட்டும் புதிய பலகை ஒன்றை வைத்து மீண்டும் அழுத்த வேண்டும். பிரேக் குழு 19.2, பொதுக் குழு 4.8 என்று பிரேக் வேலை பிரிந்து இருவருக்கும் 384 வரும். முழு பஸ்களாக 19, 5 என்று கொடுத்தால் 380, 390. குழுக்கள் அதிகமிருந்தால் இதையே மூன்றாவது, நான்காவது அடுக்குக்கும் தொடரலாம்.

ஆனால் மின் குழுவின் 480 அப்படியே நிற்கிறது. அதை எந்தப் பங்கீட்டாலும் குறைக்க முடியாது என்பதைத்தான் அந்த 1 என்ற எடை சொல்கிறது. குறைய வேண்டுமானால் மின் வேலை தெரிந்த இன்னொரு கை வேண்டும். பொதுக் குழுவினருக்கு அதைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் பாதி வேகத்தில், பஸ்ஸுக்கு 40 நிமிடத்தில் செய்கிறார்கள் என்று கோப்பில் `m2` என்ற ஒரே மாறியைச் சேர்த்து ஓட்டினேன். T சுமார் 427. முழு பஸ்களாகக் கொடுத்தால் 440: பிரேக் குழு 22 பிரேக், மின் குழு 21 மின் வேலை, பொதுக் குழு 2 பிரேக், 10 கிரீஸ், 3 மின் வேலை. மழை இரவு 6 மணிக்குப் பதிலாக 5.20க்கு முடிகிறது. அந்த 40 நிமிடத்துக்காகப் பொதுக் குழு கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது, இரவுக்கு மூன்றே மூன்று பஸ்ஸின் மின் வேலை.